கரையைக் கடப்பது நள்ளிரவில், நாங்கள் கிளம்பியது காலையில்

முதல் நாள் இரவு எட்டு மணி அறிவிப்பில், மறுநாள் நள்ளிரவுக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் இடையில் புயல் கரையைக் கடக்கும் என்றார்கள். கேட்டதும் எனக்கு நிம்மதியாகவே இருந்தது. சாயங்காலம் வரை நேரம் இருக்கிறதே என்று நினைத்தேன். தப்பாகக் கணக்குப் போட்டதே அங்கேதான். கரையைக் கடக்கும் நேரம் என்பது புயலின் மையப்பகுதி வந்து சேரும் நேரம். காற்று அதற்குப் பல மணி நேரம் முன்னாலேயே வந்துவிடும்.

அறிவிப்பை முழுசாகப் படித்தபோதுதான், மறுநாள் மாலை ஐந்து மணியிலிருந்தே காற்று மணிக்கு 60 கிலோமீட்டரைத் தொடும் என்ற வரி கண்ணில் பட்டது. அந்த வேகத்தில் மரக்கிளைகள் ஒடியும், எதிர்க்காற்றில் பெரியவர்களே நடக்கத் திணறுவார்கள். இடுப்பில் குழந்தையோடு எங்கே நடப்பது? அதற்கும் முன்னாலேயே வழியில் இருக்கும் தரைப்பாலம் முழுகிவிடும். காலையிலிருந்து மழை பெய்தால் மதியத்துக்குள் அது தண்ணீருக்கு அடியில் போய்விடும் என்பது எங்களுக்குப் பழகிய விஷயம்.

ஆகவே பின்னாலிருந்து கணக்குப் போட்டோம். புயல் பாதுகாப்பு மையம் இரண்டு கிலோமீட்டர் தூரம். நான் மட்டும் நடந்தால் அரை மணி நேரம் போதும். ஆறு வயது மகள், ஒன்றரை வயது மகன், மூட்டு வலியோடு மாமியார், கையில் பைகள் என்றால் ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். தரைப்பாலத்தைப் பதினோரு மணிக்குள் தாண்ட வேண்டும். ஒன்பதரைக்குக் கிளம்பிவிடலாம் என்று முடிவானது.

“வெயிலே அடிக்குது, இப்பவே போய் அங்க என்ன பண்றது?” என்றார் அத்தை. “போய்ச் சேர்ந்தப்புறம் சும்மா உக்காந்திருக்கலாம் அத்தை” என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

எதை எடுப்பது என்பதில்தான் சண்டை வந்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பார்கள். ஐந்து பேருக்குப் பதினைந்து கிலோ, யார் சுமப்பது? மையத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் போனில் கேட்டோம். குடிதண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறது என்றார். வழிக்கும் முதல் ராத்திரிக்குமாக நாலு லிட்டர் போதும் என்று குறைத்தோம். மிச்ச பாரத்தில் பால் பவுடர், டயப்பர், காய்ச்சல் மருந்து, அத்தையின் ரத்த அழுத்த மாத்திரை ஒரு வாரத்துக்கு, டார்ச், பவர் பேங்க், ஆளுக்கு ஒரு மாற்றுத்துணி. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் கட்டித்தான் பையில் போட்டோம். அடையாள அட்டைகளும் வீட்டுப் பத்திரமும் தனிக் கவரில் என் உடம்போடு இருந்தன. மகள் ஒரு பொம்மை கேட்டாள். சின்னதாக இருந்ததால் சரி என்றேன், ராத்திரி அது நல்ல உபயோகம்.

கிளம்பும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, சிலிண்டரை மூடினோம். இரண்டு பிள்ளைகளின் முன்கையிலும் பேரையும் எங்கள் போன் நம்பரையும் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினேன். மகளுக்குச் செருப்பு வேண்டாம், வார் வைத்த ஷூ போடு என்றேன். சேற்றில் செருப்பு கழன்று போனால் குழந்தை அங்கேயே நின்றுவிடும்.

பைக்கில் இரண்டு நடையாகக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார் கணவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கவாட்டுக் காற்றுக்கு இரண்டு சக்கர வண்டி தாங்காது, பாதிக் குடும்பம் அக்கரையில், பாதி இக்கரையில் என்று பிரிந்து நிற்கவும் கூடாது. எல்லோரும் நடந்தோம். மகனைத் துணியால் என் மார்போடு கட்டிக்கொண்டேன். முதுகில் கட்டினால் அவன் முகம் தெரியாது. மகளின் விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடித்தார் கணவர். நனைந்த விரல் வழுக்கிவிடும். மரங்கள், மின்கம்பிகள், விளம்பரப் பலகைகள் பக்கம் ஒதுங்காமல் நடுரோட்டிலேயே போனோம்.

தரைப்பாலத்தை அடைந்தபோது பத்தரை. மழை அப்போதுதான் வலுத்திருந்தது. ஓரத்து வெள்ளைக் கற்கள் முழுசாகத் தெரிந்தன, தண்ணீர் மேலே ஏறவில்லை. கற்கள் தெரியாமல் இருந்திருந்தால் திரும்பியிருப்போம். கணுக்காலுக்கு மேல் ஓடுகிற தண்ணீரே ஒரு ஆளைத் தள்ளிவிடும், அடியில் பாலம் இருக்கிறதா அரித்துவிட்டதா என்றும் தெரியாது. திரும்பி வந்தால் போவதற்கு, வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஒரு மாடிவீட்டுக்காரரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தோம்.

பதினொன்றே காலுக்கு மையத்தில் சுவரோரமாக, ஜன்னலிலிருந்து தள்ளி, இடம் பிடித்துவிட்டோம். அத்தை ஒன்றும் பேசவில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு ஒரு குடும்பம் உள்ளே வந்தது. நாலு வயசுக் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, தரைப்பாலம் போய்விட்டதால் வயல் வரப்பு வழியாகச் சுற்றி வந்திருந்தார்கள். மழை விடட்டும் என்று காத்திருந்தார்களாம். குழந்தை நடுங்கிக்கொண்டிருந்தது, அவர்கள் பை முழுக்க ஈரம். என் மகளின் மாற்றுத்துணியை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவளைப் போட்டிருந்த துணியோடேயே படுக்க வைத்தேன்.