மூன்றாவது ஷாஃப்ட்டும் விரிசல் விட்ட பிறகு எழுதிய அறிக்கை

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி ஆலை. அங்கே அரிசி தீட்டும் மிஷினில் (பாலிஷர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்) ஷாஃப்ட் உடைந்துகொண்டே இருந்தது. முதல் ஷாஃப்ட் ஒன்பது வருடம் ஓடியிருக்கிறது. அது உடைந்ததும் பேட்டையில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் புதிது கடைந்து கொடுத்தோம், ஏழு மாதத்தில் போய்விட்டது. மறுபடி ஒன்று கொடுத்தோம். முதலாளி அண்ணாச்சி ஒருநாள் நேரே பட்டறைக்கு வந்து, "நீங்க போடுத இரும்பு மட்டம்லா, பழசு எத்தன வருசம் ஓடுச்சு தெரியும்லா" என்று சொல்லி, பாக்கிப் பணத்தையும் நிறுத்திவிட்டார். எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "என்ன காரணம்னு எழுத்துல குடுத்துரு, நம்ம தப்புனாலும் எழுது" என்றார். கடைசியில் நம்ம தப்பும் அதில் இருந்தது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் உடைந்த துண்டுகளைக் கேட்டேன். கொண்டுவந்து காட்டினார்கள், பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. உடைந்த முகம் இரண்டையும் சேர்த்துப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள், அப்புறம் வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து உமிக்கூடத்து மூலையில் போட்டுவிட்டார்கள். துரு ஏறி, மேடெல்லாம் மழுங்கி, படிக்க ஒன்றுமே மிச்சமில்லை. உடைந்த முகம்தான் நமக்கு முதல் சாட்சி. அதை ஒன்றோடொன்று பொருத்தக்கூடாது, விரலால்கூடத் தடவக்கூடாது, எண்ணெய் தடவி பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துவிட வேண்டும். இதை அந்த ஆலை ஃபிட்டர் அண்ணனிடம் சொன்னபோது, "பொருந்துதான்னு பாக்கத்தானே செய்வோம் தம்பி" என்றார். நியாயம்தான், யாரும் சொல்லித் தரவில்லை.

அதனால் ஓடிக்கொண்டிருந்த மூன்றாவது ஷாஃப்ட்டையே கழற்றச் சொன்னேன். பிசான அறுவடை நெல் வந்து குவிகிற நேரம், அண்ணாச்சி சம்மதிக்க இரண்டு நாள் ஆனது. ஐந்து மாதம்தான் ஓடியிருந்தது, சத்தமோ சூடோ எதுவும் இல்லை. புல்லி பக்கத்து பேரிங்கை இழுத்து எடுத்துத் துடைத்துவிட்டு, சிவப்புச் சாயம் தெளித்து, கால் மணி நேரம் விட்டு, மேலே உள்ளதைத் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பர் அடித்தேன். ஐந்து நிமிடத்தில் பேரிங் சாய்ந்து உட்காரும் படியின் மூலையில், 40 மி.மீ. விட்டம் 50 ஆக மாறுகிற அதே இடத்தில், மெல்லிய சிவப்புக் கோடு கசிந்து வந்தது. சுற்றளவில் முக்கால் பங்குக்கு மேல். பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை, பாக்கெட்டிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார்.

விரிசலைத் திறந்து பார்க்க வேண்டும். விரிசல் இல்லாத பக்கத்தில் கொஞ்சம் ரம்பம் போட்டு, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து அழுத்திப் பிளந்தோம். உள்ளே இருந்தது தெளிவான கதை. வெளி விளிம்பிலிருந்து ஒரு வளையம் உள்நோக்கி வளர்ந்திருந்தது, ஒரு பக்கம் 9 மி.மீ. ஆழம், எதிர்ப்பக்கம் ஏறத்தாழ ஒன்றுமில்லை. வளையத்தில் உவரி கரையில் அலை இறங்கிப் போனபின் மணலில் நிற்கும் வரிகள் மாதிரி வளைந்த கோடுகள். விளிம்பில் சின்னச் சின்னப் படிக்கட்டுகள், அதாவது விரிசல் ஒரே இடத்தில் அல்ல, பல இடத்தில் தொடங்கி ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. முகம் அச்சுக்குக் குறுக்கே தட்டையாக இருந்தது. முறுக்கத்தால் வந்த சோர்வு விரிசல், அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் வளரும் விரிசல் என்றால் பெரும்பாலும் 45 டிகிரி சாய்ந்து திருகலாகப் போயிருக்கும். புல்லியைப் பூட்டும் சாவிக்காடியில் விரிசல் இல்லை, பேரிங் வளையத்தில் சூடேறிய நீல நிறமும் இல்லை. இது சுழலும் ஷாஃப்ட் ஒரே திசையில் வளைக்கப்படும்போது வருகிற சோர்வு முறிவு: வெளியிலிருக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றில் ஒருமுறை இழுபடுகிறது, ஒருமுறை அழுந்துகிறது. நிமிடத்துக்கு 720 சுற்றில் ஓடும் மிஷினுக்கு மணிக்கு 43,200 தடவை.

இரும்பு மட்டமா? அதையும் விடக்கூடாது. மதுரையில் சோதனைக்கூடத்துக்கு ஒரு துண்டு அனுப்பினேன், கரி 0.41 சதவீதம், மற்றதும் நாங்கள் போட்ட இஎன்8 ரக இரும்பின் வரம்புக்கு உள்ளேதான். கடினம் 175 பிரினெல், அதாவது இழுவிசை வலிமை சுமார் 600 மெகாபாஸ்கல். இரும்பு சரி. இந்த வரியை அறிக்கையில் முதல் பக்கத்திலேயே போட்டேன், இல்லையென்றால் அண்ணாச்சி இரண்டாம் பக்கம் திருப்பமாட்டார்.

இப்போது நம்ம தப்பு. படியின் மூலை வளைவாக இல்லாமல் கூர்மையாக இருந்தால் அழுத்தம் அங்கேயே குவியும். படியின் மூலையில் ரேடியஸ் கேஜை வைத்தேன், 1 மி.மீ. தகடு உட்காரவே இல்லை. மெழுகை அழுத்தி அச்செடுத்து, பக்கத்துக் கல்லூரியில் இருந்த ப்ரொஃபைல் ப்ரொஜெக்டரில் பார்த்தால் 0.2 மி.மீ.தான். கடைந்தவரைக் கேட்டேன், "டிராயிங்ல ஒண்ணும் போடலயே சார்" என்றார். டிராயிங் என்று ஒன்று எங்கே இருந்தது? உடைந்த துண்டை அளந்து நாமே வரைந்தது, மூலையை யாரும் அளக்கவில்லை. அந்த பேரிங் 6208. அதன் மூலைக்கு 1 மி.மீ. வரைக்கும் ரேடியஸ் விடலாம், அதற்கு மேல் விட்டால் பேரிங் படியில் உட்காராது.

ஆனால் இதுமட்டும் காரணம் என்று எழுதியிருந்தால் அறிக்கை பொய்யாகியிருக்கும். பழைய ஷாஃப்ட்டின் மூலையும் கூர்மைதான், ஒன்பது வருடம் ஓடியது. எது மாறியது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் ஃபிட்டர் அண்ணன் டீ குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னார், "மோட்டார் மாத்துனதுலேர்ந்துதான் இந்த சனியன்". பழைய ஷாஃப்ட் உடைவதற்குப் பத்து மாதம் முன்னால் 20 ஹெச்பி மோட்டாரை எடுத்துவிட்டு 30 போட்டிருக்கிறார்கள். மூன்று பி பெல்ட் ஐந்தானது, புல்லி அகலமானது. புது மோட்டாரின் சட்டம் பெரிது, அதனால் அதன் புல்லி வெளியே தள்ளி நின்றது. மோட்டாரை நகர்த்தாமல் பாலிஷர் புல்லியை வெளியே இழுத்து நேர்ப்படுத்திவிட்டார்கள். பேரிங் நடுவிலிருந்து புல்லி நடுவுக்கு 70 மி.மீ. இருந்தது 110 ஆகிவிட்டது.

கணக்கு பெரிதில்லை. 22 கிலோவாட், 720 சுற்று என்றால் முறுக்கம் 292 நியூட்டன் மீட்டர். 300 மி.மீ. புல்லியில் பெல்ட்டின் இழுப்பு வித்தியாசம் சுமார் 1,950 நியூட்டன், ஷாஃப்ட்டின் மேல் விழும் மொத்த இழுப்பு அதில் ஒன்றரை மடங்கு, 2,900 என்று வைத்துக்கொள்ளலாம். அதை 110 மி.மீ. தொலைவில் தொங்கவிட்டால், வளைக்கும் திருப்புத்திறன் M, அதனால் ஷாஃப்ட்டில் வரும் அழுத்தம் σ:

```
M = 2900 × 0.110 = 319 N·m
σ = 32M / (πd³), d = 40 mm  →  51 MPa
```

பழைய மோட்டாரில், பழைய தொலைவில் இதே கணக்கு 22 தான் வருகிறது. இன்னும் ஒன்று பாக்கி. புதிதாகப் போட்ட பெல்ட் வழுக்கும் என்று பயந்து ஃபிட்டர் அண்ணன் கண் அளவில் இறுக்குவார். ஸ்பிரிங் தராசைக் கொக்கியில் மாட்டி, பெல்ட்டின் நடுவில் இழுத்துப் பார்த்தேன். 900 மி.மீ. இடைவெளிக்கு 14 மி.மீ. உள்ளே வர ஒரு பெல்ட்டுக்கு 2 கிலோ போதும், அவர் இறுக்கியதற்கு 4 கிலோ தேவைப்பட்டது. அதாவது இரட்டிப்பு இழுப்பு: 102 மெகாபாஸ்கல். கூர் மூலை அதை இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே ஏற்றுகிறது, 214 வாக்கில். இந்த இரும்பு, கடைந்த மேற்பரப்போடு, முடிவில்லாமல் தாங்கக்கூடியது ஏறக்குறைய 200. எல்லையை ஒட்டித்தான் தாண்டுகிறது, அதனால்தான் நாலு நாளில் உடையாமல் மாதக்கணக்கில் இழுத்தது. இறுக்கிய முதல் சில நாள் விரிசல் நகரும், பெல்ட் தளர்ந்ததும் மெதுவாகும், மறுபடி இறுக்குவார்கள். அந்த அலைக்கோடுகளுக்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அறிக்கையில் "சாத்தியமான காரணம்" என்றே எழுதினேன், ஏனென்றால் எந்தக் கோடு எந்த இறுக்கத்துக்கு என்று என்னால் காட்ட முடியாது. பார்த்தது ஒரு பத்தி, அதிலிருந்து ஊகித்தது வேறு பத்தி என்று பிரித்து வைத்தது பின்னால் உதவியது, அண்ணாச்சியின் மருமகன் ஊகத்தை மட்டும்தான் கேள்வி கேட்டார்.

அவர் கேட்டது, "இஎன்24 போட்டா முடிஞ்சிருமே?" கொஞ்சம் உதவும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வலுவான இரும்புக்கு கூர் மூலையின் மேல் இன்னும் கோபம் அதிகம், அதோடு பேரிங் அடியில் உரசி வரும் அரிப்பு எந்த இரும்பையும் விடாது. இரண்டு மடங்கு காசுக்கு இரண்டு மடங்கு ஆயுள் என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன்.

பரிந்துரையில் முதலில் 45 மி.மீ. ஷாஃப்ட் என்று எழுதியிருந்தேன், அழுத்தம் முப்பது சதவீதம் குறையும். ஆனால் 6209 பேரிங்கின் வெளிவிட்டம் 85, பழையது 80, ஹவுசிங்கையே கடைய வேண்டும். அடித்துவிட்டேன். கடைசியில் நின்றது இதுதான்: மோட்டார் ரெயிலை 30 மி.மீ. உள்ளே நகர்த்தி, புல்லியையும் உள்ளே தள்ளித் தொலைவை 80 ஆக்குவது, மூலையில் 1 மி.மீ. ரேடியஸ் விட்டு மெருகேற்றுவது, டிராயிங்கில் அதை எழுதுவது, பெல்ட்டைத் தராசால் இறுக்குவது. இந்த ஏற்பாட்டில் அண்ணன் மறுபடி இரட்டிப்பாக இறுக்கினாலும் மூலையில் 137 தான் வருகிறது. எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. தராசை எத்தனை நாள் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஷாஃப்ட்டின் கூலியில் பாதியை எங்கள் பட்டறை ஏற்றுக்கொண்டது, மோட்டார் நகர்த்திய செலவு ஆலையுடையது. கார் அறுவடை நெல் ஓடி முடிந்ததும் பேரிங்கைக் கழற்றி மறுபடி சாயம் போட்டுப் பார்த்தேன், வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. திரும்பும்போதுதான் கவனித்தேன், பக்கத்து வரிசையில் இருக்கும் இன்னொரு பாலிஷருக்கும் அதே வருடம் பெரிய மோட்டார் மாற்றியிருக்கிறார்கள், புல்லி இன்னும் வெளியேதான் நிற்கிறது. அண்ணாச்சியிடம் சொன்னேன். "அது ஓடுதுல்லா, ஓடட்டும்" என்றார். ஐப்பசி முடிந்து ஆலை நிற்கும் இடைவெளியில் கழற்ற ஒரு தேதி மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.