இரண்டு ஸ்கிரீன்ஷாட்டை வைத்து மாமாவின் கிராஜுவிட்டி கணக்கைச் சரிபார்த்த கதை

2024 ஜனவரி 20ஆம் தேதியோடு அக்கா வீட்டுக்காரர் கோவையில் பார்த்துவந்த மில் வேலையை விட்டார். கம்பெனி கொடுத்த செட்டில்மெண்ட் தாளில் கிராஜுவிட்டி 91,000 ரூபாய் என்று இருந்தது. "இது சரியா பாரு மாப்ள" என்று இரண்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். ஒன்று பிஎஃப் போர்ட்டலின் 'சர்வீஸ் ஹிஸ்டரி' பக்கம். இன்னொன்று கடைசி மாதச் சம்பள ரசீது. நான் சம்பளக் கணக்கு போடும் வேலையில் இருப்பவன் என்பதால் என்னிடம் வந்தது.

அவர் வேலையை விட்டபோது இருந்தது 1972ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டம். அதன்படி கணக்கு இதுதான்:

```
கிராஜுவிட்டி = (பேசிக் + டிஏ) ÷ 26 × 15 × வருடங்கள்
```

முதலில் சம்பளம். ரசீதில் இரண்டு பத்தி இருக்கும்: ஒன்று முழு மாதத்துக்கான சம்பள விகிதம், மற்றொன்று அந்த மாதம் உண்மையில் சம்பாதித்தது. ஜனவரியில் 20 நாள்தான் வேலை என்பதால் இரண்டாவது பத்தியில் எல்லாத் தொகையும் குறைந்து நின்றது. கிராஜுவிட்டிக்கு விகிதப் பத்தியைத்தான் எடுக்க வேண்டும். அதில் பேசிக் 18,200, டிஏ 4,680, வீட்டு வாடகைப் படி 3,120, மொத்தம் 26,000. வாடகைப் படி கணக்கில் வராது. பேசிக்கும் டிஏவும் சேர்ந்து 22,880. அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 880, 15 நாளுக்கு 13,200. ஒரு வருடச் சர்வீஸின் மதிப்பு அவ்வளவு.

கம்பெனியோ டிஏவை விட்டுவிட்டு, பேசிக்கை மட்டும் 30ஆல் வகுத்திருந்தது. 26 என்பது ஞாயிறுகளைக் கழித்த வேலை நாள். மாதச் சம்பளக்காரர்களுக்குச் சட்டத்திலேயே அந்த எண் எழுதப்பட்டிருக்கிறது. அதை மாற்ற எந்தக் கம்பெனிக்கும் உரிமை இல்லை.

அடுத்தது வருடம். இதில்தான் எனக்கு அதிக நேரம் போனது. சர்வீஸ் ஹிஸ்டரியில் `DOJ EPF` என்ற இடத்தில் 01-12-2013 என்று இருந்தது. அதை நம்பினால் 10 வருடம், ஒரு மாதம், சில நாள். கம்பெனி 10 என்று போட்டது அப்படித்தான். ஆனால் அது பிஎஃப் பிடிக்கத் தொடங்கிய தேதி, வேலையில் சேர்ந்த தேதியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. "மாமா, அந்த வருசம் தீபாவளிக்கு முன்னாடியே நீங்க மில்லுக்குப் போயிட்டு இருந்தீங்களே?" என்று கேட்டேன். அக்கா பீரோவிலிருந்து நியமன ஆணையை எடுத்துப் படம் அனுப்பினாள். சேர்ந்த தேதி 11-06-2013, ஆறு மாதம் தகுதிகாண் பருவம் என்று அதிலேயே இருந்தது. அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பயிற்சிக்குச் சேர்ந்தவராக இருந்தால் அந்த மாதங்கள் சேராது. தகுதிகாண் பருவம் கட்டாயம் சேரும்.

அந்தத் தேதியிலிருந்து எண்ணினால் 10 வருடம் 7 மாதம் 10 நாள். கடைசியில் மிஞ்சும் காலம் ஆறு மாதத்தைத் தாண்டினால் முழு வருடமாக எடுக்க வேண்டும். ஆக 11 வருடம். 13,200 × 11 = 1,45,200. கம்பெனி போட்டதைவிட 54,200 ரூபாய் கூடுதல்.

மற்றவை சின்னவை. ஜனவரியின் 20 நாள் சம்பளம் 26,000 × 20 ÷ 31, அதாவது 16,774. மீதியிருந்த ஈட்டிய விடுப்பு 14 நாள். அப்போது இருந்த தொழிற்சாலைச் சட்டப்படி விடுப்புச் சம்பளத்தில் ஓவர்டைமும் போனஸும்தான் கழியும், வாடகைப் படி சேரும். எனவே 26,000ஐ 26ஆல் வகுத்து, நாளுக்கு 1,000 வீதம் 14,000. நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்திருந்ததால் அந்தப் பிடித்தம் இல்லை. பேசிக்கும் டிஏவும் 21,000ஐத் தாண்டியதால் சட்டப்படியான போனஸும் கிடையாது. மொத்தம் 1,75,974. அதில் பிஎஃப் பிடித்தம் போகும்.

செட்டில்மெண்ட் தாளில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டாம் என்று மாமாவிடம் சொன்னேன். கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி, நியமன ஆணை நகலோடு கிராஜுவிட்டி விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொண்டார். கிராஜுவிட்டியை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டி சேரும், மறுத்தால் தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போகலாம் என்பதையும் கடிதத்தில் சேர்த்தோம். ஹெச்ஆர் பெண் டிஏவையும் 26ஐயும் உடனே ஒப்புக்கொண்டார். வருடத்துக்கு மட்டும் பழைய வருகைப் பதிவேட்டைத் தேடிப் பார்த்த பிறகே 11 என்று திருத்தினார்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதற்குப் பிறகு வேலையை விடுபவர்கள், படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியையும் பேசிக், டிஏவோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். மாமாவுக்கு இருந்ததுபோல் வாடகைப் படி சின்னதாக இருந்தால் தொகை மாறாது. பேசிக்கைக் குறைத்துப் படிகளை ஏற்றி வைத்திருக்கும் ரசீதுகளில்தான் பெரிய வித்தியாசம் வரும்.