அப்புச்சியா, வாத்தியாரா? ஒற்றெழுத்தை வெட்டியதும் பிரிந்த தலையங்கங்கள்

கோபி பக்கம் எழுபதுகளில் அப்புச்சியும் அவருடைய வாத்தியார் நண்பரும் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் தலையங்கத்துக்கு மட்டும் பெயர் இருக்காது. யார் எதை எழுதியது என்பதற்கு ஒருவழியாக விடை வந்துவிட்டது. ஒரே ஒரு தலையங்கம்தான் இன்னும் அடம்பிடிக்கிறது.

வாக்கிய நீளத்தை நான் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டேன். பெயர் போடாமல் வெளியான அமெரிக்க ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் யார் எதை எழுதியது என்று பார்க்க மோஸ்டெல்லர் குழு முதலில் அதைத்தான் அளந்தது. ஹாமில்டனின் சராசரி 34.55 சொல், மேடிசனுடையது 34.59. பரவலும் கிட்டத்தட்ட ஒன்றே. பிறகு 1964-இல் வந்த ஆய்வில் ஆளைக் காட்டிக்கொடுத்தது upon போன்ற சின்னச் சொற்கள்தான். சொல்வளத்தையும் நம்பவில்லை. கட்டுரை நீள நீள வேறுபட்ட சொற்களின் விகிதம் தானாகக் குறையும். நம் மொழியில் வேற்றுமை உருபு ஒவ்வொன்றும் புதுச்சொல்லாக எண்ணப்படுவது வேறு.

ஆகவே இடைச்சொற்கள். என்று, என, ஆனால், ஆகவே, எனவே, போல, கூட என்று ஒரு பட்டியல். இதில் என்னை அதிகம் படுத்தியது ‘என’. ‘எனக் கேட்டார்’, ‘எனச் சொன்னார்’, ‘எனத் தெரிகிறது’, ‘எனப் படித்தேன்’ என்று எழுதும்போது ஒரே சொல் கணினிக்கு ஐந்து சொல்லாகிவிடுகிறது. வாத்தியாரின் முக்கிய அடையாளமே இப்படிச் சிதறி, அடிக்கடி வரும் சொற்களின் பட்டியலுக்குள்ளேயே வராமல் கிடந்தது.

இந்தக் கடைசி ஒற்றெழுத்தை வெட்டுவதற்கு நான் வைத்துக்கொண்ட விதி: அடுத்த சொல் அதே வல்லினத்தில் தொடங்கினால் மட்டும் வெட்டு.

```python
t = unicodedata.normalize("NFC", t)
t = re.sub(r"([கசதப])்(?=\s+\1)", "", t)
w = re.findall(r"[\u0B80-\u0BFF]+", t)
```

‘பேங்க் கணக்கு’ போன்றவை இதில் அடிபடும். எண்ணப்போவது இடைச்சொல் பட்டியலை மட்டும்தான் என்பதால் அதனால் கெடுதல் இல்லை. கடைசி வரியில் `\w+` போடவே கூடாது. பைத்தானின் re புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளாது. ‘என்று’ என்பதை ‘என’, ‘ற’ என்று இரண்டாக உடைக்கும். அதாவது எல்லா ‘என்று’வும் ‘என’ கணக்கில் போய்ச் சேர்ந்து, இரண்டு ஆளும் ஒரே ஆளாகிவிடுவார்கள்!

கதைகளில் உரையாடலை நீக்கிவிட்டு, பெயர் போட்ட கட்டுரைகளை மட்டும் எண்ணினேன். ஆயிரம் சொல்லுக்கு அப்புச்சியிடம் ‘என்று’ 15, ‘என’ 1. வாத்தியாரிடம் ‘என்று’ 6, ‘என’ 8. பெயரை மறைத்துவிட்டு, ஒவ்வொரு கட்டுரையாக வெளியே எடுத்து மற்றவற்றோடு ஒப்பிட்டேன். அத்தனையும் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தன. இந்த இடத்தில் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

அடம்பிடிப்பது 280 சொல் தலையங்கம். அதில் ‘என’ ஒன்று, ‘என்று’ மூன்று. இந்த நீளத்துக்கு வாத்தியார் எழுதியிருந்தால் ‘என’ இரண்டுக்குச் சற்று மேல் எதிர்பார்க்கலாம், அப்புச்சி என்றால் ஒன்றுகூடத் தேறாது. ஆனால் சரியாக ஒன்று வருவதற்கான வாய்ப்பைப் பாய்சான் முறையில் கணக்கிட்டால் வாத்தியாருக்கு 24 சதவீதம், அப்புச்சிக்கு 21. ‘என்று’ மூன்று வர வாத்தியாருக்கு 15, அப்புச்சிக்கு 19. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. இதை வைத்து ஒரு பெயரை எழுத எனக்கு மனசு வரவில்லை.

ஒற்று போடும் பழக்கத்தையே இன்னொரு அடையாளமாக எடுக்கலாமே என்று தோன்றியது. பிரதி எடுத்தவர் பெரியம்மா, அழகான கையெழுத்து. அவரிடம் கேட்டேன். “அவுங்க குடுத்தத அப்படியேதான் எழுதுனேன் கண்ணு. ஒத்து விட்டுப்போயிருந்தா மட்டும் நான் போட்டுருவேன்” என்றார். ஆக, ஒற்று காட்டுவது பெரியம்மாவை. முற்றுப்புள்ளி வைத்ததும் அவராக இருக்கலாம். வாக்கிய நீளத்தை விட்டது நல்லதாகப் போயிற்று.

தட்டச்சுக்கு ஈரோட்டில் ஒரு டிடிபி கடையில் கொடுத்தேன். பாமினி எழுத்துருவில்தான் அடித்துத் தருவார்கள், யூனிகோடுக்கு நாம்தான் மாற்ற வேண்டும். பிழை திருத்தாமல் இருப்பதை இருப்பதுபோலவே அடிக்கச் சொல்லிவிடுங்கள். ‘என’வை ‘என்று’ ஆக்கினால் வேலையே போச்சு.

அடுத்து உம்மையையும் தானையும் எண்ண வேண்டும். ‘நானும்’ வேண்டும், ‘வரும்’ வேண்டாம். ‘அவர்தான்’ வேண்டும், ‘வந்தான்’ வேண்டாம். சொல்லின் கடைசி எழுத்துகளை வைத்துப் பிரிக்க வழியில்லை என்பதால் கையால் குறித்துக்கொண்டிருக்கிறேன். 280 சொல்லில்கூட உம்மை இருபதுக்குக் குறையாமல் இருக்கிறது, எனவே ‘என’வைவிட அது உறுதியாகப் பேசும் என்று நம்புகிறேன். வாத்தியார் தன் கைப்பட எழுதிய கடிதங்கள் அவர் மகளிடம் இருக்கின்றனவாம். பிரதிக்காரர் கை படாத எழுத்து. அடுத்த வாரம் படம் எடுக்கப் போகிறேன்.