சைகை மொழிபெயர்ப்போடு ஒரு பறவைப் பேச்சு

கூந்தன்குளத்துப் பறவைகளைப் பற்றிப் பாளையங்கோட்டையில் பேசக் கூப்பிட்டவர்கள், முன் இரண்டு வரிசையில் காது கேளாதவர்கள் இருப்பார்கள், இந்திய சைகை மொழியில் சொல்ல ஒருவர் வருவார் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஸ்லைடுகளை முன்கூட்டி அவருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டு அவர் போனில் கேட்டது ஒன்றுதான்: "நீங்க பேசுதப்ப அவங்க என் கையப் பாக்கணுமா சார், திரையப் பாக்கணுமா?"

மற்றவர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே காதால் கேட்டுவிடுவார்கள். இவர்களுக்கு இரண்டு வேலையும் கண்ணுக்குத்தான். எனவே பார்க்கும் நேரத்தையும் பேசும் நேரத்தையும் பிரித்தே ஆக வேண்டும்.

வரித்தலை வாத்து ஸ்லைடையே எடுத்துக்கொள்வோம். பறவையின் படம், மங்கோலியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வரும் வழி, நாலு வரி விளக்கம் என்று எல்லாம் ஒரே திரையில் இருந்தன. அதை இரண்டாகப் பிரித்தேன். முதலாவதில் படமும் பெரிய எழுத்தில் பெயரும் மட்டும். பெயரை ஒவ்வோர் எழுத்தாக விரலால் காட்டினால் நேரம் போகும். திரையில் இருந்தால் அவர் சுட்டிக் காட்டினாலே போதும். ஸ்லைடைப் போட்டதும் வாயை மூடிக்கொள்வேன். முன்வரிசைத் தலைகள் அவர் பக்கம் திரும்பிய பிறகே, பின்தலையில் இரண்டு கறுப்புக் கோடு இருப்பதைச் சொல்வேன். அவர் கை ஓய்ந்த பின்தான் வரைபடம். மேடையில் அந்த மௌனம் ரொம்ப நீளமாகத் தோன்றும். கேட்பவர்களுக்கு அப்படித் தெரிவதில்லை.

லேசர் புள்ளியை விட்டுவிட்டேன். "இதோ, இந்தக் கோடு" என்று நான் சொல்வது கைவழியாகப் போய்ச் சேர்ந்து அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் புள்ளி நகர்ந்திருக்கும். படத்திலேயே 1, 2 என்று எண் போட்டு, "ஒன்றாம் எண் கோடு" என்று சொன்னால் எப்போது பார்த்தாலும் அது அங்கேயே இருக்கும்.

விளக்கையும் அணைக்கக் கூடாது, அவர் கையும் முகமும் தெரிய வேண்டுமே. விளக்கு எரிகிற கூடத்தில் இருட்டான படங்கள் எடுபடாது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துக்கு மாற்றினேன். அவரைத் திரைக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னோம். கண் தூரம் போக வேண்டாம். கூழைக்கடா குஞ்சுக்கு இரை ஊட்டும் வீடியோவின் மேல் பேசுவதில்லை என்றும் முடிவு செய்தேன். முதலில் முழுதாக ஓடட்டும், அப்புறம் பேச்சு.

இப்படியெல்லாம் செய்தால் அதே நேரத்தில் பாதி ஸ்லைடுதான் ஓடும். நீர்க்காகம், அரிவாள் மூக்கன் இரண்டையும் மொத்தமாக எடுத்தேன். வேகத்தைக் கூட்டி ஈடுகட்டலாம் என்று நினைக்கவே வேண்டாம். நான் சொல்லும் வாக்கியத்தின் பொருள் பிடிபட்ட பிறகே அவர் கையைத் தூக்குவார். எப்போதும் சில நொடி பின்னால்தான் இருப்பார்.

அந்த இடைவெளி கேள்வி நேரத்தில்தான் நன்றாகத் தெரிந்தது. "கேள்வி இருக்கா?" என்றதும் பின்வரிசையில் சட்டென்று கை உயர்ந்தது. நான் பதில் சொல்லத் தொடங்கவில்லை. மொழிபெயர்ப்பாளரின் கை நிற்கும்வரை காத்திருந்தேன். முதல் வரிசையில் ஒரு பெண் எழுந்தார்: கூட்டை விட்டுக் கீழே விழுந்த குஞ்சுகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார்.