செம்மண்டலத்தில் இறங்கிய ஏசிக்கு ஏன் ஐ.ஜி.எஸ்.டி.?

கடலூரில் ஒரு ஏசி விற்பனை, சர்வீஸ் கடையில் கணக்கு பார்க்கிறேன். புது பில்லிங் மென்பொருளுக்கு மாறியபோது வரிக் குறியீடுகளைப் போட்டது நான்தான். அடுத்த மாதம் 14-ம் தேதி தாண்டியதும் புதுச்சேரி டீலரிடமிருந்து போன் வந்தது. "சார், உங்க பில்லுல பாதி எனக்கு கிரெடிட் கிடைக்கலையே!"

வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியில் எவ்வளவு கிரெடிட்டாகக் கழித்துக்கொள்ளலாம் என்று காட்டும் அவருடைய GSTR-2B அறிக்கையில் எங்கள் பில் இருந்தது. ஆனால் ஏசிக்கான வரி, கிரெடிட் கிடைக்காத பகுதியில் போய் உட்கார்ந்திருந்தது. பில்லை எடுத்துப் பார்த்தேன். ஏசி 40,000 ரூபாய், அதற்கு சி.ஜி.எஸ்.டி. 3,600, எஸ்.ஜி.எஸ்.டி. 3,600. கீழே மாட்டும் கூலி 1,500 ரூபாய், அதற்கு ஐ.ஜி.எஸ்.டி. 270. மாநிலத்துக்குள் விற்றால் போடும் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. ஜோடியும், வெளிமாநிலத்துக்கு விற்றால் போடும் ஐ.ஜி.எஸ்.டி.யும் என ஒரே பில்லில் இரண்டு வகை வரி! மொத்தம் 48,970 சரியாக வந்ததால் நான் உட்பட யாருமே கவனிக்கவில்லை. எந்த வகையில் போட்டாலும் 18 சதவீதம்தானே, கூட்டுத்தொகை மாறாது. அதனால்தான் இந்தத் தப்பு லேசில் கண்ணில் படாது.

நடந்தது இதுதான். டீலரின் ஜி.எஸ்.டி. எண் 34-ல் தொடங்கும், புதுச்சேரி. ஆனால் அவர் ஏசியை விற்றிருந்தது கடலூர் செம்மண்டலத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்கு. "எங்க கடைக்கு வேணாம், நேரா அங்கயே இறக்கிடுங்க" என்றார், இறக்கினோம். பொருளுக்கு 'ஷிப் டு' மாநிலத்தைப் பார்க்கும்படியும், சேவைக்கு 'பில் டு' மாநிலத்தைப் பார்க்கும்படியும் நான் விதி எழுதியிருந்தேன். பொருள் எங்கே போய்ச் சேருகிறதோ அதுதான், எந்த வகை வரி என்பதை முடிவு செய்யும் பிளேஸ் ஆஃப் சப்ளை என்று படித்த ஞாபகம். பொதுவாக அது சரியும்கூட.

ஆனால் வாங்குபவர் ஒருவர், அவர் சொல்லி இன்னொருவருக்குப் பொருளை இறக்குகிறோம் என்றால் ஐ.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 10(1)(b) பிரிவு வந்துவிடும். அப்போது, இறக்கச் சொன்னவரே பொருளைப் பெற்றதாகக் கணக்கு. அவருடைய முதன்மைத் தொழிலிடம்தான் பிளேஸ் ஆஃப் சப்ளை. ஏசி கடலூரைத் தாண்டவே இல்லை, ஆனாலும் அது வெளிமாநில விற்பனை, ஐ.ஜி.எஸ்.டி. 7,200. மாட்டும் கூலிக்கு, பதிவு பெற்ற டீலரின் இடம் புதுச்சேரி என்பதால், முதலிலேயே சரியாகத்தான் வந்திருந்தது.

விதியை இப்படி மாற்றினேன்:

```
if ship_to_party != bill_to_party:
    pos = bill_to_state
else:
    pos = ship_to_state

if pos == supplier_state:
    CGST 9 + SGST 9
else:
    IGST 18
```

இது பொருளுக்கு மட்டும். சேவைக்கான விதி தனியாகவே இருக்கிறது. முன்பு ஏசிக்கு 28, சேவைக்கு 18 என்று இருந்தபோது இந்தக் குளறுபடி நடந்திருந்தால் தலை சுற்றியிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கும் 18 என்பது ஒரு நிம்மதி. பழைய பில்லுக்குக் கிரெடிட் நோட் போட்டு, ஐ.ஜி.எஸ்.டி.யோடு புது பில் கொடுத்தோம்.

அப்புறம் சோதனைக்காக நாலைந்து போலி பில் போட்டுப் பார்த்ததில் இன்னொன்றும் சிக்கியது. ஜி.எஸ்.டி. எண் இல்லாத வீட்டு வாடிக்கையாளருக்கு, மாநிலத்தைப் பின்கோடிலிருந்து எடுக்கும்படி வைத்திருந்தேன்: 605 என்றால் புதுச்சேரி, 607 என்றால் தமிழ்நாடு. நம்ம ஊர்ப் பக்கம் இதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது. பாகூர் 607402, ஆனால் புதுச்சேரி. ஆரோவில் 605101, ஆனால் தமிழ்நாடு. 2023 அக்டோபர் 1 முதல், பதிவு பெறாதவருக்குப் பொருள் விற்றால் பில்லில் எழுதும் முகவரிதான் பிளேஸ் ஆஃப் சப்ளையை முடிவு செய்கிறது. அதனால் பாகூர்க்காரர் எங்கள் கடைக்கே வந்து வாங்கி, பில்லில் அந்த முகவரியைச் சொன்னால் ஐ.ஜி.எஸ்.டி.தான். முகவரியே எழுதாவிட்டால் எங்கள் கடை இருக்கும் தமிழ்நாடு. பின்கோடு விதியைத் தூக்கிவிட்டு, மாநிலத்தைப் பில் போடுபவரே தேர்ந்தெடுக்கும்படி வைத்தேன். காலியாக விட்டால் பில் சேமிக்காது. கவுன்டரில் இருக்கும் தம்பி முணுமுணுக்கிறான், முணுமுணுக்கட்டும்.

முதலாளி இப்போது புதுச்சேரியில் கிளை திறக்கிறார். அதற்குக் குறியீடு போடும்போது, யூனியன் பிரதேசம்தானே என்று பட்டியலில் UTGST-ஐத் தேர்ந்தெடுக்கப் போனேன். நல்லவேளை, டீலர் பில் ஒன்று மேசையில் கிடந்தது. சட்டமன்றம் உள்ள புதுச்சேரிக்கு யு.டி.ஜி.எஸ்.டி. கிடையாது, எஸ்.ஜி.எஸ்.டி.தான். யு.டி.ஜி.எஸ்.டி. எல்லாம் அந்தமான், லட்சத்தீவு, சண்டிகர் மாதிரி இடங்களுக்கு. அந்தக் கிளையிலிருந்து காரைக்காலுக்கு ஒரு ஏசி போனால், லாரி கடலூர் வழியாகத்தான் போகும், ஆனாலும் பில்லில் சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும்தான் வர வேண்டும். அதையும் ஒரு போலி பில்லாகப் போட்டுப் பார்த்துவிட்டேன், சரியாக வந்தது.