மூச்சை எண்ணும் ஒரு நிமிடம்

வார்டில் இருக்கும் நோயாளியின் நிலை மோசமாகும்போது, பெரும்பாலும் அது பல மணி நேரத்துக்கு முன்பே உடம்பில் தெரியத் தொடங்கிவிடும். நான் இங்கிலாந்தில் ஒரு அரசு மருத்துவமனையில், அறுவை சிகிச்சை முடிந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் செவிலியராக இருக்கிறேன். அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்க இங்கே நாங்கள் பயன்படுத்துவது நியூஸ் 2 என்ற மதிப்பெண் முறை. ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து, 2017-இல் திருத்திய முறை இது.

மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, ஆக்ஸிஜன் வைத்திருக்கிறோமா இல்லையா, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவுநிலை, காய்ச்சல் என்று ஏழு விஷயங்களைப் பார்க்கிறோம். ஒவ்வொன்றும் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி மதிப்பெண் கிடைக்கும். எல்லாவற்றையும் கூட்டி 5 வந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். 7 வந்தால் அது அவசரநிலை, அனுபவமுள்ள டாக்டரே வர வேண்டும். மொத்தம் குறைவாக இருந்தாலும், ஏதாவது ஒன்றில் மட்டும் 3 வந்துவிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

இந்த ஏழில் என் கண் முதலில் போவது மூச்சு எண்ணிக்கைக்குத்தான். வார்டுகளில் மிகவும் அலட்சியமாக எழுதப்படுவதும் அதுதான். காரணம் எளிது. நாங்கள் தள்ளிக்கொண்டு போகும் மெஷின் ரத்த அழுத்தம் காட்டும், நாடி காட்டும், விரலில் மாட்டும் கிளிப் வழியாக ஆக்ஸிஜன் அளவும் காட்டும். மூச்சை மட்டும் அது எண்ணாது. ஒரு மனுஷி நின்று எண்ண வேண்டும். முப்பது படுக்கை இருக்கும் வார்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு முழு நிமிடம் என்றால் அதுவே அரை மணி நேரம். அதனால் பார்வையிலேயே ஒரு எண்ணை எழுதிவிடும் பழக்கம் வந்துவிடுகிறது. ஒரு வார்டின் சார்ட்டைப் புரட்டும்போது வரிசையாக 16, 18, 16, 18 என்று மட்டும் இருந்தால், அங்கே யாரும் மூச்சை எண்ணவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. நோயாளியிடம் மூச்சை எண்ணப் போகிறேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பது போலவே இருந்துகொண்டு, நெஞ்சையோ வயிற்றையோ கவனித்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு விட்டுப்போனாலும் கணக்கில் நான்கு குறையும். அந்த நான்கு சின்ன விஷயமில்லை. 12 முதல் 20 வரை மதிப்பெண் பூஜ்யம், 21 ஆனால் 2, 25 ஆனால் 3. நிஜத்தில் 24 இருக்கும் மூச்சை 20 என்று எழுதினால் இரண்டு மதிப்பெண் காணாமல் போகிறது.

மூச்சு ஏன் முதலில் மாறுகிறது? உடம்பில் எங்கோ தொற்று பரவினாலோ ரத்தம் கசிந்தாலோ, திசுக்களுக்குப் போதுமான ஆக்ஸிஜன் சேராமல் ரத்தத்தில் அமிலம் கூடுகிறது. அதைச் சரிக்கட்ட மூளை மூச்சை வேகப்படுத்தி, கரியமில வாயுவை அதிகமாக வெளியே தள்ளச் சொல்கிறது. அந்த வேகமான மூச்சினாலேயே ஆக்ஸிஜன் அளவு கொஞ்ச நேரம் 96, 97 என்று நன்றாகவே நிற்கும். அதாவது நோயாளி கஷ்டப்பட்டு உழைத்து அந்த 97-ஐத் தக்கவைத்துக்கொண்டிருக்கிறார். கிளிப்பை மட்டும் பார்ப்பவருக்கு அந்த உழைப்பு தெரியாது.

ஒரு இரவுப் பணியில் பார்த்ததைச் சொல்கிறேன். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர். பெருங்குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மீதியை இணைத்துத் தைத்திருந்தார்கள். அறுவை முடிந்து மூன்றாம் நாள். மாலை ஆறு மணிக்கு மூச்சு 17, ஆக்ஸிஜன் 97, நாடி 74, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 134, காய்ச்சல் இல்லை. மொத்தம் பூஜ்யம். இரவு பத்து மணிக்கு நான் எண்ணியபோது மூச்சு 22, ஆக்ஸிஜன் 95, நாடி 86, அழுத்தம் 126, வெப்பம் 37.8 டிகிரி செல்சியஸ். மூச்சுக்கு 2, ஆக்ஸிஜனுக்கு 1, ஆக மொத்தம் 3.

மூன்று என்றால் விதிப்படி நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மறுபடி பார்த்தால் போதும். ஆனால் பூஜ்யத்திலிருந்து நான்கு மணி நேரத்தில் மூன்றுக்கு வந்திருக்கிறார். குடல் இணைப்பு விட்டுப்போய்க் கசியத் தொடங்கும் ஆபத்துள்ள நாட்கள் இவை. இன்னொன்றும் இருந்தது. அவர் இதயத்துக்காக பிசோப்ரோலால் சாப்பிடுபவர். அந்த மாத்திரை நாடியை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். வேறொருவருக்கு 115 ஆகியிருக்கக்கூடிய நாடி இவருக்கு 86-இல் நிற்கலாம். அப்படியானால் சார்ட் காட்டும் 3, உண்மையில் 5 ஆக இருக்கக்கூடும். சார்ஜ் நர்ஸிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். நேரத்தைக் குறைக்கச் செவிலியருக்கு உரிமை உண்டு, அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பதினொன்றைத் தாண்டி மறுபடி பார்த்தேன். மூச்சு 26, ஆக்ஸிஜன் 93, நாடி 88, அழுத்தம் 118, வெப்பம் 38.1. மூச்சுக்கு 3, ஆக்ஸிஜனுக்கு 2, காய்ச்சலுக்கு 1. மொத்தம் 6. வயிறு முன்பைவிட இறுகியிருந்தது. கேட்டால், “வலி கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பார்த்தேன்” என்றார். மூக்குக் குழாய் வழியாக நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்ஸிஜன் வைத்தேன். அளவு 96-க்கு ஏறியது.

இந்த முறையை வடிவமைத்தவர்கள் ஆழமாக யோசித்திருக்கிறார்கள் என்று நான் நினைப்பது இந்த இடத்தில்தான். 96 வந்ததால் ஆக்ஸிஜனுக்கான 2 மதிப்பெண் போய்விட்டது. ஆனால் ஆக்ஸிஜன் வைத்ததற்காகவே 2 சேர்கிறது. மொத்தம் மறுபடியும் 6. திரையில் தெரியும் எண் அழகாக ஆகிவிட்டது, நோயாளி கொஞ்சமும் தேறவில்லை. மதிப்பெண் அதை மறைக்க விடவில்லை.

ஜூனியர் டாக்டரைக் கூப்பிட்டேன். இங்கே ஃபோனில் பேச எஸ்பார் என்று ஒரு ஒழுங்கு சொல்லிக்கொடுப்பார்கள்: இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு உங்களிடமிருந்து என்ன வேண்டும். நான் சொன்னது கிட்டத்தட்ட இப்படி இருந்தது: “நியூஸ் ஒரு மணி நேரத்தில் 3-லிருந்து 6. மூச்சு 26, முழு நிமிடம் எண்ணியது. குடல் அறுவை முடிந்து மூன்றாம் நாள், பிசோப்ரோலாலில் இருக்கிறார், அதனால் நாடியை நம்ப முடியாது. வயிறு இறுகியிருக்கிறது. இணைப்பு கசிகிறதோ என்று பயப்படுகிறேன். அரை மணி நேரத்துக்குள் நீங்கள் வந்து பார்க்க வேண்டும்.”

அவர் கேட்ட முதல் கேள்வி, “இப்போது ஆக்ஸிஜன் எவ்வளவு?” என்பதுதான். 96 என்றதும் குரலில் ஒரு தளர்வு தெரிந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த இரவில் நான்கைந்து வார்டுகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆக்ஸிஜன் வைத்த பிறகுதான் 96, டாக்டர். மூச்சு இன்னும் 26-இலேயே இருக்கிறது” என்றேன். வருகிறேன் என்றார். வரச் சொன்ன நேரத்தையும் அவர் ஒத்துக்கொண்டதையும் குறிப்பில் எழுதினேன். ஃபோன் செய்தேன் என்று மட்டும் எழுதினால் பின்னால் அது யாருக்கும் உதவாது.

அவர் வருவதற்குள் நிலை இன்னும் இறங்கியது. மூச்சு 28, இரண்டு லிட்டரிலும் ஆக்ஸிஜன் 95, அழுத்தம் 108, நாடி அப்போதும் 90 தான். மொத்தம் 8. மதிப்பெண் 7-ஐ எட்டியதும் யாரையும் கேட்காமல், அறுவைப் பிரிவின் அனுபவமுள்ள டாக்டரான சர்ஜிக்கல் ரிஜிஸ்ட்ராரையும் அவுட்ரீச் டீமையும் கூப்பிடலாம். அவுட்ரீச் என்பது தீவிர சிகிச்சையில் அனுபவமுள்ள செவிலியர்கள், வார்டுக்கே வந்து உதவுபவர்கள். அவர்கள் எடுத்த ரத்தப் பரிசோதனையில், திசுக்களுக்கு ஆக்ஸிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் லாக்டேட் 3.4 இருந்தது, 2-க்குக் கீழே இருக்க வேண்டியது. அந்த வேகமான மூச்சுக்கு விடை அதில் இருந்தது. ரத்த கல்ச்சர் எடுத்து, ஆன்டிபயாடிக்கும் சலைனும் தொடங்கி, ஸ்கேனுக்கு அனுப்பினோம். இணைப்பு விட்டிருந்தது. விடிவதற்குள் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார். சில நாள் தீவிர சிகிச்சையில் இருந்துவிட்டு எங்கள் வார்டுக்கே திரும்பி வந்தார்.

இந்த நேரம் முழுக்க அவருடைய நாடிக்கு ஒரு மதிப்பெண்கூட விழவில்லை என்பதைக் கவனியுங்கள். நாடியை வைத்து மட்டும் முடிவு செய்திருந்தால் இரண்டு மணிவரை தூங்க விட்டிருப்போம்.

மதிப்பெண் தவறாக அதிகம் காட்டும் இடமும் உண்டு. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களில் சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். அவர்களுக்கு 88 முதல் 92 வரைதான் இலக்கு. வழக்கமான அளவுகோலில் 90-க்கு 3 மதிப்பெண் விழும், பதறிப்போய் ஆக்ஸிஜனை ஏற்றினால் கரியமில வாயு இன்னும் கூடி நோயாளி மயங்கிப் போகலாம். அதற்காகத்தான் 2017 திருத்தத்தில் இரண்டாவது அளவுகோல் ஒன்றைத் தனியாக வைத்தார்கள். அதில் 90-க்குப் பூஜ்யம். ஆக்ஸிஜன் வைத்து 97 வந்தால் 3. ஆனால் புகைபிடித்தவர், இருமுகிறார் என்பதற்காக நாமே இந்த அளவுகோலுக்கு மாற்றிவிடக் கூடாது. ரத்த வாயுப் பரிசோதனையில் உறுதியாகி, தகுதியுள்ள டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நிமோனியாவோடு வந்த ஒருவரைத் தவறாக இதில் போட்டால், 89-க்குச் சார்ட் பூஜ்யம் காட்டிக்கொண்டே இருக்கும். ஷிஃப்ட் மாறும்போது ஒப்படைப்பில் நான் கேட்கும் கேள்விகளில் ஒன்று, எந்த அளவுகோல், யார் எழுதியது என்பது.

கிளிப்புக்கும் குறைகள் உண்டு. விரல் குளிர்ந்திருந்தால், நகப்பூச்சு இருந்தால் எண் தடுமாறும். கறுத்த தோலுள்ளவர்களுக்கு உண்மையில் இருப்பதைவிட அது கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும். நம் ஊர்க்காரர்கள் யாராவது படுத்திருந்து 94 காட்டும்போது, மூச்சு 22 என்றால், அந்த 94-ஐ நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

அப்புறம், மதிப்பெண் 1 இருக்கும், நோயாளி சரியில்லை என்று மனசுக்குப் படும். முகம் வெளிறி இருப்பார், பேச்சு குறைந்திருக்கும், கூட இருக்கும் மனைவி “இவர் இப்படி இருக்க மாட்டார்” என்பார். செவிலியரின் கவலையே ஒருவரைக் கூப்பிடப் போதுமான காரணம் என்று நியூஸ் 2 வழிகாட்டுதல் வெளிப்படையாக ஏற்கிறது. குறைந்த மதிப்பெண் வைத்துக்கொண்டு கூப்பிடுவதற்குப் புதிதாக வந்த செவிலியர்கள் தயங்குவார்கள். அவர்களோடு படுக்கைக்குப் போய், முதலில் மூச்சை முழு நிமிடம் மறுபடி எண்ணச் சொல்வேன். பாதி நேரம் அந்த 1, எண்ணி முடிக்கும்போது 3 ஆகியிருக்கும். மீதி நேரம் 1 ஆகவே இருக்கும். அப்போதும் ஃபோனை எடுக்கச் சொல்வேன், பேசும்போது பக்கத்தில் நின்றுகொள்வேன்.