28 லட்சம் பார்வை, 120 டாலர்: என் ரீல்ஸ் போனஸ் கணக்கு

ரீல்ஸ் வீடியோக்களின் பார்வைக்கு ஓர் ஆப் தரும் போனஸில் மூன்று சுற்றுகள் முடிந்ததும் வரவை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். முதல் சுற்றில் 5 லட்சம் பார்வைக்கு 300 டாலர். இரண்டாவதில் 9 லட்சத்துக்கு 180 டாலர். மூன்றாவதில் ஒரே வீடியோ 28 லட்சம் ஓடியது. அந்தச் சுற்றில் கைக்கு வந்தது 120 டாலர்தான். பார்வை ஏற ஏறப் பணம் இறங்குகிறதே என்று இரண்டு நாள் மனசே சரியில்லை. பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றையும் பிரித்துப் பார்த்தேன்.

அந்த ஆப்பில் போனஸுக்கு நாமாக விண்ணப்பிக்க முடியாது, அழைப்பு வரவேண்டும். அழைப்பை ஏற்ற நாளிலிருந்து 30 நாள் கணக்கு ஓடும். அதிகபட்சம் இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பும் இருக்கும். எனக்கு மூன்று முறையும் 600 டாலர். வரம்பு மாறாததால் ரேட்டும் மாறாது என்று நம்பி, இரண்டாம் அழைப்பின் விதிகளைப் படிக்காமலே ஏற்றுக்கொண்டேன். முதல் சுற்றில் ஆயிரம் பார்வைக்கு 60 சென்ட் கிடைத்தது, இரண்டாவதில் 20 சென்ட். அழைப்புப் பக்கத்திலேயே அது எழுதியிருந்தது.

மூன்றாவது சுற்றில் அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. அந்த வீடியோவை நான் போட்டது 26-ஆம் நாள். சுற்று முடிவதற்குள் அது 5 லட்சம் பார்வைதான் வாங்கியிருந்தது. மற்ற வீடியோக்கள் எல்லாம் சேர்ந்து 1 லட்சம். ஆக 6 லட்சம், அதே 20 சென்ட் ரேட்டில் 120 டாலர். மீதி 23 லட்சம் பார்வையும் சுற்று முடிந்த பிறகு வந்தவை. அடுத்த அழைப்பு 11 நாள் கழித்து வந்தபோது, பழைய வீடியோவின் பார்வைகள் அதில் சேரவில்லை. வீடியோவின் இன்சைட்ஸில் தெரியும் எண்ணையும் போனஸ் பக்கத்தில் தெரியும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது உடனே புரிந்திருக்கும். நான் முதல் எண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரேட் ஏன் இப்படி ஆடுகிறது என்று கேட்டால், பல திட்டங்களில் நிலையான ரேட் என்ற ஒன்றே கிடையாது. யூடியூப் 2021-22 காலத்துக்கு அறிவித்த ஷார்ட்ஸ் ஃபண்ட் 10 கோடி டாலர். அது முன்கூட்டியே ஒதுக்கிய தொகை. அப்படிப்பட்ட தொகையிலிருந்து பங்கு வாங்கும்போது நம் பார்வை மட்டும் போதாது, அந்த மாதம் மற்றவர்களின் வீடியோக்கள் எவ்வளவு ஓடின என்பதும் சேர்ந்தே நம் தொகையை முடிவு செய்யும். நம் பார்வை இரட்டிப்பாகி, மொத்தப் பார்வை மூன்று மடங்கானால் நம் பங்கு குறையத்தான் செய்யும்.

2023 பிப்ரவரியில் யூடியூப் அந்த ஃபண்டை விட்டுவிட்டு விளம்பர வருவாய்ப் பங்குக்கு மாறியது. ஷார்ட்ஸ் இடையே ஓடும் விளம்பரப் பணத்தில் இசை உரிமைக்கான பகுதி போக மிச்சம் ஒரு பொதுத் தொகுப்புக்குப் போகிறது. அதை நாடுவாரியாக, அவரவர் பார்வை விகிதத்தில் பிரித்து, நமக்கு ஒதுக்கியதில் 45 சதவீதம் தருகிறார்கள். பாட்டு போட்டால் நம் 45 சதவீதம் பாதியாகும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை, பாட்டு போட்டாலும் போடாவிட்டாலும் அதே 45தான். ஆனால் விளம்பர விலை குறையும் மாதத்தில் தொகுப்பே சுருங்கிவிடும். பண்டிகைக் காலம் முடிந்து ஜனவரி பிறந்ததும் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2025 மார்ச் 31 முதல் யூடியூபில் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. பணம் கணக்கிடுவதோ, சில நொடிகளாவது பார்த்தால் மட்டும் எண்ணும் பழைய முறையிலான ‘Engaged views’ எண்ணை வைத்துத்தான். அதன் பிறகு பார்வை திடீரென ஏறியதைப் பார்த்து வரவும் ஏறும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும்.

நான்காம் அழைப்பு வந்தபோது விதிப் பக்கத்தை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். ரேட் 25 சென்ட். நல்லதாகத் தோன்றிய மூன்று வீடியோக்களை அழைப்பு வரும்வரை கைவசம் வைத்திருந்து, ஏற்ற பிறகு முதல் வாரத்திலேயே போட்டேன். ஒவ்வொன்றையும் பதிவேற்றும்போது போனஸ் பட்டன் ஆனில் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன், ஏனென்றால் அதை மறந்தால் அந்த வீடியோ கணக்கிலேயே வராது. போனஸ் பக்கத்தில் 7 லட்சம் ஏறியது, 175 டாலர் வந்தது. மூன்றாம் சுற்று வீடியோ ஒன்றுக்கே வந்த பார்வையில் இது கால் பங்கு, பணம் மட்டும் கூடுதல்.

ஐந்தாம் அழைப்பு இன்னும் வரவில்லை. அடுத்த மாத வரவில் அந்த இடத்தில் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறேன்.